பேறுகால மரணமும் பேயாக்கப்பட்ட பெண்ணும்

அலையும் ஆவிகள் பற்றிய நம்பிக்கையை மூடத்தனம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்த நம்பிக்கை யாரையெல்லாம் ஆவியாக அலையவிடுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கங்கைச் சமவெளிக் கிராமங்களில், வயது முதிர்ந்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, மூத்த மகன் கையால் கொள்ளி பெற்ற நிலவுடைமையாளர் பேயாவதில்லை. ஆற்றில் மூழ்கியவர், வயலில் பாம்பு தீண்டியவர், மரத்திலிருந்து விழுந்தவர், கொலையுண்டவர், தூக்கில் தொங்கியவர், பிரசவத்தில் மாண்ட பெண் ஆகியோரே பேயாகிறார்கள். ‘அகால மிருத்யு’ என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள சாவுகளில் பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடியவை. தடுக்கப்படாமல் போனதற்குக் காரணமானவர்கள் பட்டியலில் எங்கும் இல்லை.

பிராமணிய ஈமச் சடங்கு முறை இந்த வேறுபாட்டுக்கு ஒரு தத்துவத்தையும் தருகிறது. இறந்தவர் உடனே முன்னோர் ஆகிவிடுவதில்லை. முதலில் ‘பிரேதம்’ என்னும் இடைநிலையில் நிற்கிறார். பத்து நாட்கள் இடப்படும் பிண்டங்களால் அவருக்கு ஒரு புதிய உடல் உறுப்பு உறுப்பாக அமைகிறது. பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணத்தில் அவருக்குரிய பிண்டத்தை மூன்றாகப் பிரித்து மூன்று தலைமுறை முன்னோரின் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். அதன் பிறகே அவர் பித்ரு. வீட்டுக்கு வாழ்த்துத் தருபவர். துர்மரணம் அடைந்தவருக்கு இந்தப் பாதை நேரடியாகத் திறப்பதில்லை. நாராயணபலி போன்ற தனிச் சடங்குகள் முன்னதாகத் தேவைப்படுகின்றன. அவற்றுக்குப் பொருள் வேண்டும், புரோகிதர் வேண்டும், பெரும்பாலும் மகன் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவர் இடைநிலையிலேயே தங்கிவிடுகிறார். கருட புராணத்தில் பப்ருவாகனன் என்னும் அரசனிடம் முறையிடுகிற பிரேதம், செல்வமும் தருமமும் உடையவனாக வாழ்ந்தும் ஈமக்கடன் செய்ய வாரிசு இல்லாததால் அந்நிலையில் கிடப்பவன். செல்வந்தனுக்கே இந்த நிலை என்றால் கூலி வேலை செய்து மாண்டவளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகையவள்தான் ‘சுடைல்’. கருவுற்ற நிலையிலோ பிரசவத்திலோ பிரசவத் தீட்டு கழியும் முன்போ இறந்த பெண் சுடைல் ஆவாள் என்பது பஞ்சாப் முதல் பீகார் வரை பரவிய நம்பிக்கை. பின்னோக்கித் திரும்பிய பாதங்களோடு அவள் வருவாள். தனியே நடக்கும் இளைஞரை மயக்கி உயிரை உறிஞ்சுவாள். எல்லோருக்கும் முன்பாகத் தன் புகுந்த வீட்டையே தேடி வருவாள் என்கிறார்கள். இந்தக் கடைசிக் கூற்று கவனிக்கத்தக்கது. அந்நியரை விட்டுவிட்டுத் தன் குடும்பத்தையே ஓர் ஆவி பழிவாங்கும் என்று அந்தக் குடும்பமே அஞ்சுகிறது. கருவுற்ற பெண்ணுக்குச் சோறு குறைத்ததும், நிறைமாதத்தில் நெல் குத்த வைத்ததும், வலி கண்ட பிறகும் வண்டி கட்டத் தயங்கியதும் அந்த வீட்டாருக்குத் தெரியும். குற்ற உணர்வு பேய் உருவில் வாசலில் வந்து நிற்கிறது.

அவளை அடக்கக் கையாளப்பட்ட முறைகளை மிர்சாபூரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் குரூக், வட இந்திய நாட்டார் சமயம் குறித்து 1896இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். சில சமூகங்களில் பிணத்தின் விரல் நகங்களில் சிறு ஆணிகளை அடித்தார்கள். கட்டைவிரல்களையும் கால் பெருவிரல்களையும் இரும்பு வளையங்களால் பிணைத்தார்கள். புதைத்த இடத்திலிருந்து வீடு வரும் வழி நெடுகக் கடுகு தூவினார்கள். அவள் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கிக்கொண்டே வருவாள், வீட்டை அடையுமுன் பொழுது விடிந்துவிடும் என்பது கணக்கு. பஞ்சாபில் மனைவியை இழந்தவன் மறுமணம் செய்தால், இரண்டாம் மனைவி முதல் மனைவியின் உருவம் பொறித்த வெள்ளித் தகட்டைக் கழுத்தில் அணிந்தாள். புத்தாடையும் பலகாரமும் முதலில் அந்தத் தகட்டுக்குக் காட்டப்பட்டன. உயிரோடு இருந்தபோது கிடைக்காத முதல் கவளம் இறந்தபின் அவளுக்குக் கிடைத்தது.

பேய்களுக்குள்ளும் வருணம் உண்டு என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பீகாரின் கைமூர் மாவட்டத்தில் சைன்பூர் என்னும் ஊரில் ஹர்சு பிரம்மம் கோயில் இருக்கிறது. அரசனின் புரோகிதரான ஹர்சு பாண்டேயின் வீட்டை அரசன் இடித்தான், அவர் அரண்மனை வாசலில் பட்டினி கிடந்து உயிர் விட்டார், அவரது ஆவி அந்த அரச குலத்தையே அழித்தது என்பது தல வரலாறு. அநியாயத்தால் மாண்ட பிராமணரின் ஆவிக்குக் கோயில் எழுந்தது. மற்ற பேய்கள் பிடித்தவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும் நீதிமன்றமாக அது இன்றும் விளங்குகிறது. அநியாயத்தால் மாண்ட பெண்ணின் ஆவிக்குக் கிடைத்தது ஆணியும் கடுகும்.

வசதி உள்ளவர்கள் கயைக்குப் போகிறார்கள். பித்ருபட்சம் எனப்படும் தேய்பிறைக் காலத்தில் பல்கு ஆற்றங்கரையில் இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் கூடுகிறார்கள். ஊருக்கு வடமேற்கே பிரேதசிலை என்னும் குன்று இருக்கிறது. அகால மரணம் அடைந்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் அது. அடிவாரத்தில் பிரம்மகுண்டத்தில் நீராடி, நூற்றுக்கணக்கான படிகள் ஏறி, உச்சியில் வறுத்து இடித்த ‘சத்து’ மாவைக் காற்றில் தூவுகிறார்கள். காற்றோடு போகும் மாவு உடலற்றவர்களைச் சேரும் என்பது நம்பிக்கை. ஏற முடியாத முதியவர்களைச் சுமந்து செல்வதற்கு ஆட்கள் கூலிக்கு நிற்கிறார்கள். விஷ்ணுபாதக் கோயிலில் கயாவாள் பண்டாக்களின் உரிமை. பிரேதசிலையில் தாமி எனப்படும் வேறு பிரிவினரின் உரிமை. வேலைப் பிரிவினை இறந்தவர்களின் எல்லை வரை நீள்கிறது. வந்தவரின் ஊர், குலம், தலைமுறை அனைத்தும் எழுதப்பட்ட பண்டாக்களின் பேரேடுகள் வாடிக்கையைப் பரம்பரைச் சொத்தாகவே காத்து வருகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி இந்த யாத்திரைக்கு வரி விதித்து நெடுங்காலம் வசூலித்தது. 1840இல்தான் அது நீக்கப்பட்டது. கிறித்தவத் திருச்சபையினர் இங்கிலாந்தில் எழுப்பிய எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கயையில் நடக்கும் சடங்குகளில் ‘மாத்ரு சோடசி’ உள்ளத்தைத் தொடக்கூடியது. தாய்க்கென்று பதினாறு பிண்டங்கள். ஒவ்வொன்றை வைக்கும்போதும் தாய் தன்னைச் சுமந்தபோதும் பெற்றபோதும் வளர்த்தபோதும் பட்ட துன்பம் ஒன்றை மகன் சொல்கிறான்: வயிற்றின் பாரம், பிரசவ வேதனை, கசப்பு மருந்து, தூக்கமற்ற இரவுகள். பெண்ணின் பேறுகாலத் துன்பத்தை இவ்வளவு விவரமாக ஒப்புக்கொள்ளும் சடங்குகள் அரிது. கேட்டு நிற்பவர்கள் கண்ணீர் விடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சொற்கள் வளர்ந்து ஆளான மகனின் வாயில் வைக்கப்பட்டவை. முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு இறந்துபோனவளின் வேதனையை எண்ணிச் சொல்ல யாரும் இல்லை. அவள் பட்ட துன்பம் மற்றெல்லோரையும்விடப் பெரியது; பதினாறு பிண்டங்களில் அவளுக்கு ஒன்றும் இல்லை. சடங்கு பிழைத்த தாயைப் போற்றுகிறது. பிழைக்காதவளைக் கண்டு அஞ்சுகிறது.

தமிழ் மண் இதே மரணத்துக்கு வேறொரு சடங்கைக் கண்டது. வயிற்றுச் சுமையோடு மாண்ட பெண்ணின் ஆவி அந்தச் சுமையை இறக்க இடமின்றி அலையும் என்று கருதி, அவள் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். இரு கற்களை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்தி வைத்தால், தலைச்சுமையோடு நடந்து வரும் ஏழை உதவிக்கு ஆளில்லாமலே தன் பாரத்தை அதில் இறக்கி இளைப்பாறலாம். நம்பிக்கை அதேதான், பயன் வேறு. ஆணி அடிப்பதைவிட இது எவ்வளவோ மேலானது என்று சொல்லலாம். எனினும் கல் நட்டவர்களும் அவள் ஏன் இறந்தாள் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதன் விலை என்ன என்பதை ஒரு நிகழ்முறையின் வழியே பார்க்கலாம். எட்டாம் மாதக் கருவோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சில நாட்களாகக் கடும் தலைவலி. முகமும் கைகளும் வீங்கியிருக்கின்றன. கண் மங்குகிறது, மேல்வயிற்றில் வலி. ஒரு மாலை கண்கள் மேலே செருக, பற்கள் கிட்டிக்க, உடல் வில்லாக விறைத்து வெட்டி வெட்டி இழுக்கிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இழுப்பு நிற்கிறது. பிறகு நினைவற்ற நிலை. அதன்பின் கண் திறந்தாலும் கணவனையும் மாமியாரையும் அடையாளம் தெரியவில்லை, குழறலாக ஏதோ பேசுகிறாள். அந்த வீட்டிலோ அண்டை வீட்டிலோ முன்பு பிரசவத்தில் இறந்தவள் ஒருத்தி இருந்தால், பேசுவது அவள்தான் என்று முடிவாகிவிடுகிறது. ஓஜா வரவழைக்கப்படுகிறார். மிளகாயைச் சுட்டுப் புகை காட்டுகிறார், வேப்பங்கொத்தால் அடிக்கிறார், பேயின் பெயரைச் சொல்லுமாறு அதட்டுகிறார். பெண் சிறிது அமைதி அடைகிறாள். பேய் இறங்கிவிட்டது என்கிறார்கள்.

இறங்கியது பேய் இல்லை. பேறுகால வலிப்பில் இரண்டு இழுப்புகளுக்கு இடையே இயல்பாக வரும் இடைவெளி அது. ஓஜாவின் புகழ் முழுவதும் இந்த இடைவெளியின் மீதே நிற்கிறது. அடுத்த இழுப்பு வரும்போது, பேய் வலியது, இன்னொரு ஓஜா வேண்டும் என்பார்கள். அதற்குள் மூளையில் குருதிக்கசிவு ஏற்படலாம், சிறுநீரகமும் ஈரலும் செயலிழக்கலாம், வாயில் ஊற்றிய நீரும் புகையும் நுரையீரலை அடைக்கலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். அப்படி நடந்தால் அந்த ஊருக்கு இரண்டாவது சுடைல் கிடைக்கிறாள். முதலாமவள் வந்து கொண்டுபோனாள் என்ற கதை அசைக்க முடியாத சான்றோடு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது. நோயைப் பேய் விளக்குகிறது. நோயால் நேரும் சாவு பேயை மெய்ப்பிக்கிறது.

இந்த வட்டத்தை உடைக்கும் கருவிகள் எளியவை. கருவுற்ற இருபதாவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதம் காணப்பட்டால் ஆபத்தின் முன்னறிவிப்பு கிடைத்துவிட்டது. கையில் கட்டும் பட்டையும் ஒரு சோதனைத் தாளும் போதும். வலிப்பு வந்துவிட்டால் அதற்குரிய மருந்து மக்னீசியம் சல்பேட், விலை மலிவானது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் தவணையாக இரு பிட்டங்களிலும் ஐந்து ஐந்து கிராம் ஊசியாகச் செலுத்துவதற்குக் கிராமச் செவிலியருக்கே அரசு வழிகாட்டுதல் அனுமதி தருகிறது. வலிப்பு வருமுன்பே ஆபத்து அறிகுறியுள்ள பெண்களுக்கு இம்மருந்தைத் தந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பதை, பல நாடுகளில் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த பெரும் ஆய்வு நிறுவியது. பிரசவத்துக்குப் பிறகும், சிறப்பாக முதல் 48 மணி நேரத்தில், வலிப்பு வரக்கூடும். பேய் பிடித்தது என்று சொல்லப்படும் இன்னொரு நிலையும் உண்டு: பிரசவமான இரண்டு வாரங்களுக்குள் தூக்கம் கெட்டு, குரல்கள் கேட்டு, குழந்தையையே அந்நியமாகப் பார்க்கும் கடும் மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் இது நேர்கிறது. காலத்தில் மருத்துவம் பெற்றால் பெரும்பாலோர் நன்கு தேறிவிடுகிறார்கள்.

மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, பீகாரும் ஜார்க்கண்டும் சேர்ந்த பகுதியில் 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 371 தாய்மார் இறந்தனர். 2018-20இல் பீகாரின் விகிதம் 118. கேரளத்தில் அதே காலத்தில் 19. சுடைல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்றால் அதைச் செய்தவர்கள் ஆஷா ஊழியர்களும், செவிலியரும், மருத்துவமனைப் பிரசவமும்தான். அந்த ஆஷா ஊழியருக்குத் தொழிலாளி என்ற தகுதியையே மறுத்து ‘தன்னார்வலர்’ என்று அழைத்து ஊக்கத்தொகையோடு நிறுத்திக்கொள்ளும் அரசு, கயைப் பெருவிழாவுக்கு வரவேற்பு வளைவுகள் கட்டுகிறது. இதில் தற்செயல் எதுவும் இல்லை.

ஓஜாவின் கூடத்திலிருந்து இன்னும் கொடிய ஒரு கிளை பிரிகிறது. பேயை ஏவியவர் யார் என்ற கேள்வி எழும்போது ஓஜா ஒரு பெயரைச் சொல்கிறார். அது பெரும்பாலும் துணையற்ற விதவையின் பெயர், கையளவு நிலம் வைத்திருப்பவளின் பெயர், தலித் அல்லது ஆதிவாசிப் பெண்ணின் பெயர். இறந்தவள் சுடைல், உயிரோடிருப்பவள் ‘டாயின்’. டாயின் என்று முத்திரை குத்துவதைத் தடுக்க முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் பீகார். 1999ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஒரு பெண்ணை டாயின் என்று அடையாளம் காட்டுவோருக்கு விதிக்கும் தண்டனை அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம். ஊரை விட்டே ஒருத்தியைத் துரத்தி நிலத்தை எடுத்துக்கொள்பவனுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு செலவே இல்லை.

மராட்டியச் சட்டம் இதைவிட நுணுக்கமாக எழுதப்பட்டது. நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த வரைவு அவசரச் சட்டமாகி, அந்த ஆண்டின் இறுதியில் சட்டமானது. அதன் அட்டவணையில் முதலில் இருப்பதே பேயோட்டும் பெயரில் நடக்கும் வதைதான்: கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டுவது, அடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, கூரையில் தொங்கவிடுவது. வழிபாடு, யாத்திரை, பிறருக்குத் தீங்கு செய்யாத சடங்கு ஆகியவற்றை இச்சட்டம் தொடாது என்றும் அதிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கர்நாடகம் 2017இல் சட்டம் இயற்றியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகினர். தர்காவை நாடி ஆவி நீங்கும் என்ற நம்பிக்கையில் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தனர். பேயோட்டும் சங்கிலிக்கு மத வேறுபாடு கிடையாது.

மராட்டியச் சட்டம் வகுத்த கோடு கட்சி ஊழியர்களுக்கும் பயன்படும். பிரேதசிலை உச்சியில் தன் மகளுக்காக ஒரு கைப்பிடி மாவைத் தூவும் தாயைக் கேலி செய்பவர் பகுத்தறிவுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அந்தத் தாயை மறுபக்கம் தள்ளிவிடுகிறார். துக்கத்துக்கு ஒரு செயல் தேவைப்படுகிறது. அவளுக்குத் தெரிந்த செயல் அது. அதே வேளையில், மக்கள் நம்பிக்கை என்று சொல்லி ஓஜாவின் கூடத்தைக் கடந்து போகிறவரும் தவறு செய்கிறார். அங்கே துடித்துக்கொண்டிருப்பவள் நோயாளி. அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவதே முதல் வேலை. விவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மரணம் நேர்ந்துவிட்ட பிறகும் செய்ய ஒன்று இருக்கிறது. இதைப் பல ஊர்க் கிளைகள் கவனிப்பதே இல்லை. பேறுகால மரணக் கண்காணிப்புக்கான தேசிய வழிகாட்டுதலின்படி ஒரு தாய் இறந்தால் ஆஷா ஊழியர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். அதன்பின் விசாரணைக் குழு வீட்டுக்கே வந்து குடும்பத்தாரிடம் நடந்ததைக் கேட்டு எழுத வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆய்வில் குடும்பத்தினரும் அழைக்கப்பட வேண்டும். அவர்கள் அறிய வேண்டியவை மூன்று தாமதங்கள்: வீட்டில் முடிவெடுக்க எவ்வளவு நேரம் ஆனது, வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது, மருத்துவமனை வாசலை அடைந்த பிறகு சிகிச்சை தொடங்க எவ்வளவு நேரம் ஆனது. படிவம் பெரும்பாலும் அலுவலக மேசையிலேயே நிரப்பப்பட்டு, ‘குடும்பத்தாரின் அறியாமை’ என்ற ஒற்றை வரியோடு மூடப்படுகிறது. அப்படி மூடப்படும்போது முதல் தாமதம் மட்டும் ஏட்டில் ஏறுகிறது. இரத்த வங்கி இல்லாததும், மயக்க மருந்து நிபுணர் பணியிடம் காலியாகக் கிடந்ததும், இரண்டு மருத்துவமனைகள் அவளைத் திருப்பி அனுப்பியதும் ஏறுவதில்லை. கிளைத் தோழரும் மாதர் சங்கத் தோழரும் அந்த விசாரணை நாளில் துக்க வீட்டில் உடனிருந்து, கணவனும் மாமியாரும் சொல்வதை மணிக்கணக்கோடு எழுத வைத்து, படிவத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, ஆட்சியர் கூட்டத்துக்கு அந்தக் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியும்.